ஒருவர், நீங்கள், நாம்: இந்தத் தாவலுக்கு என்ன பெயர்?

ஓசூர், கல்லூரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான கட்டுரைப் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே பத்தியில் ஒருவர், நீங்கள், நாம் என்று தாவித் தாவி எழுதுவதற்கு ஒரு சொல் வேண்டும். ஒரு மாணவர் எழுதியது இது:

> ஒருவர் மாங்கன்று நடுவதற்கு மூன்றடிக் குழி எடுக்க வேண்டும். மேல்மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுகிறோம். பிறகு அவர் குச்சி ஊன்றிக் கட்டுவார்.

கன்றை நடுவது யார் என்றே தெரியவில்லை.

காரிமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
புதுச்சொல் எதற்கு அம்மா? திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று நன்னூலார் வழுவை ஏழாக வைத்தார். தன்மையும் முன்னிலையும் படர்க்கையும் மயங்கினால் இடவழு. எழுதி அச்சுக்கு அனுப்புங்கள்.

பாலக்கோடு:
ஐயா, ‘நான் வந்தான்’ என்பது இடவழு. இந்த மாணவர் எழுதிய நான்கு வாக்கியங்களில் எதிலும் இலக்கணப் பிழை இல்லையே? வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில்தான் சிக்கல். ஆகவே ‘நோக்குநிலைப் பிறழ்ச்சி’ என்கிறேன். கதை விமரிசனத்தில் ஏற்கெனவே புழங்குகிற சொல்.

காரிமங்கலம்:
முதல் பாதி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையில் நோக்குநிலை என்பது யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது. மாங்கன்றுக் குழியில் யார் கண் இருக்கிறது? தவிர, ‘நோக்கு’ தொல்காப்பியச் செய்யுளியலில் முப்பத்து நான்கு உறுப்புகளில் ஒன்று. அந்தச் சொல்லை இங்கே இழுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு: ‘ஓரிடம் பிறவிடம் தழுவலும் உளவே’ என்று நன்னூலே இடங்கொடுக்கிறது. பிள்ளையிடம் ஒரு தாய் ‘அம்மா சொன்னா கேட்கணும்’ என்கிறாள். தன்மை படர்க்கையாகிவிட்டது, குழப்பம் உண்டா?

பென்னாகரம், மகளிர் குழுப் பொறுப்பாளர்:
எங்கள் குழு நோட்டீசில் ‘உறுப்பினர்கள் தவணையை 5ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். நீங்கள் தவறினால் நாங்கள் அபராதம் போடுவோம்’ என்று இருக்கிறது. ‘நீங்கள்’ மரியாதைக் குறைவு, ‘தாங்கள்’ என்று மாற்றச் சொல்கிறார்கள். அதைத்தான் கேட்கிறீர்களா?

ஓசூர்:
அது வேறுங்க. ஆனால் நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். கட்டுபவர் வேறு, அபராதம் போடுபவர் வேறு. அதனால் நீங்கள், நாங்கள் இரண்டும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் உறுப்பினர்களும் நீங்களும் ஒரே ஆட்கள்தானே? அங்கேதான் தாவல்.

கிருஷ்ணகிரி, மொழிபெயர்ப்பாளர்:
எழுவாயை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் ஆள் வினைமுற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பார். மாணவர்களை வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள்: எடுக்க வேண்டும், நிரப்புங்கள், நடுகிறோம், கட்டுவார். முதலாவது யாருக்கும் பொருந்தும். அடுத்த மூன்றும் முன்னிலை, தன்மை, படர்க்கை. அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்:

> மாங்கன்று நட மூன்றடிக் குழி எடுத்து, மேல்மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட்டு, குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

‘வேண்டும்’ என்றே முடித்தாலும் தவறில்லை, ஆனால் நான்கு ‘வேண்டும்’ அடுக்கினால் அரசாணை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் எச்சங்களாகக் கோத்தேன். ‘ஒருவர்’ தேவையே இல்லை. அது ஆங்கில ‘ஒன்’ வேட்டி கட்டி வந்தது.

உங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்கு ‘மனமு’, ‘மேமு’ என்று இரண்டு உண்டு. நம் நாம், நாங்கள் போலத்தான். கன்னடம் பேசும் பிள்ளைக்கு இன்று ‘நாவு’ ஒன்றுதான். அந்தப் பிள்ளை ‘நாம் ஆய்வகத்தில் அளந்தோம்’ என்று எழுதினால், அளக்காத வாசகரும் ஆய்வகத்துக்குள் போய்விடுகிறார். அங்கே ‘நாங்கள்’தான் வர வேண்டும்.

காரிமங்கலம்:
அந்தக் காலத்தில் யாம் விலக்கும், நாம் சேர்க்கும். ‘நாங்கள்’ பின்னால் வந்தது. ‘கள்’ விகுதி உயர்திணையில் ஏறிய கதையைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஓசூர்:
கட்டாயம் எழுதுங்கள் ஐயா, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. இப்போது பெயர்? ‘இடமாற்றம்’ என்றால் மாணவர்கள் பணி மாறுதல் என்பார்கள். ‘இட மயக்கம்’ என்றால் தண்ணீர் தெளிப்பார்கள்.

கிருஷ்ணகிரி:
‘இடப்பிறழ்வு’. வழுவும் இல்லை, நோக்கும் இல்லை.

பாலக்கோடு:
இடம் என்றதும் மாணவருக்கு மனைதான் நினைவுக்கு வரும். நான் வகுப்பில் நோக்குநிலை என்றே சொல்வேன்.

ஓசூர்:
எனக்கு இடப்பிறழ்வுதான் பொருத்தமாகப் படுகிறது. அதையே போடுகிறேன். எதிர்ச்சொல்லாக ‘இட ஒருமை’ என்று வைத்திருந்தேன். ஒருமை பன்மையோடு மோதுகிறது.

பென்னாகரம்:
‘ஒரே இடத்தில் நிற்றல்’ என்று போடுங்களேன்.

காரிமங்கலம்:
அது பேருந்து நிலையத்து அறிவிப்பு அம்மா. யோசித்துக் காலையில் எழுதுகிறேன்.