மூட் கோர்ட்: "32-இல் எப்படி வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு என்ன சொல்வது?

கானாடுகாத்தான் மாணவி
அடுத்த வாரம் போட்டி. கற்பனை வழக்குதான், ஆனால் எங்கள் தெருவைப் பார்த்து எழுதினது மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூண்களை விற்கப் போகிறவரை அரசு ஓர் ஆணை போட்டுத் தடுக்கிறது. நான் அவர் தரப்பு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் ஆர்ட்டிகிள் 32 மனு, பேச பத்து நிமிடம்.

ஒத்திகையில் ஒரு சீனியர், "சொத்துரிமை அடிப்படை உரிமையே இல்லையே, 32-இல் எப்படி வந்தீர்கள்?" என்றார். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் ஆர்ட்டிகிள் 300ஏ பற்றி மனப்பாடம் செய்ததையே திரும்ப ஒப்பித்தேன். மூன்று வாதங்களில் இரண்டைத் தொடவே இல்லை.

காரைக்குடி கண்ணன்
"அதற்குப் பிறகு வருகிறேன், மை லார்ட்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். நான் அப்படித்தான் பரிசு வாங்கினேன்.

மதுரைக் கிளை வக்கீல்
கண்ணன் தம்பி சொல்வது, அடுத்த வாதத்தில் வரப்போகிற விஷயத்துக்குச் சரி. அப்போதும் ஒரு வரி பதில் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். இந்தக் கேள்வி வாசலிலேயே மறிக்கிறது, தள்ளிப்போட முடியாது.

நீதிபதி வாயைத் திறந்ததும் பாதி வார்த்தையிலாவது நிறுத்தும்மா. தாளைப் புரட்டாதே. முதலில் ஒப்புக்கொள்: "ஆம், மை லார்ட், 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு அது அடிப்படை உரிமை இல்லை. எங்கள் மனு, சட்டத்தின் முன் சமத்துவம் தரும் ஆர்ட்டிகிள் 14-இல் நிற்கிறது. அதே தெருவில் மற்ற வீடுகளைப் பிரித்தபோது தடுக்காத அரசு, காரணம் சொல்லாமல் இந்த ஒன்றை மட்டும் தடுக்கிறது." வழக்குத் தாளில் அந்த மற்ற வீடுகள் இருந்தால்தான் இதைச் சொல்லலாம்.

அப்படியானால் 14-தான் உன் முதல் வாதம். இரண்டாவது, 300ஏ கேட்கும் 'சட்டம்' இயற்றப்பட்ட சட்டம், வெறும் அரசாணை போதாது. மூன்றாவது, சட்டமே இருந்தாலும் பொது நோக்கமும் இழப்பீடும். அதற்கு 2011-இன் கே.டி. பிளாண்டேஷன் தீர்ப்பு. ஆறு நிமிடத்துக்கு மட்டும் தயார் செய். மீதி நாலும் பெஞ்சுக்கு. நேரம் போய்விட்டால் மூன்றாவதை எழுத்து வாதமான மெமோரியலுக்கு விட்டுவிட்டு, நேராக நிவாரணம் கேட்கும் பிரேயருக்குப் போ.

தேவகோட்டை ஆச்சி
எங்கள் வீட்டுக்குப் பதினாலு பங்காளி. ஒருத்தர் மட்டும் முகப்புத் தூணை விற்கலாமா? தீர்ப்பு வந்ததும் போடுங்கள்.

மதுரைக் கிளை வக்கீல்
ஆச்சி, இது மாணவர் போட்டி, நிஜத் தீர்ப்பு வராது. உங்கள் பத்திரங்களோடு பக்கத்து வக்கீலைப் பாருங்கள். ஆனாலும் மாணவி இதைக் குறித்துக்கொள்ளட்டும். மற்ற உரிமையாளர்கள் எங்கே என்று பெஞ்ச் கேட்கும்.

கானாடுகாத்தான் மாணவி
நன்றி அண்ணே. தாளில் பக்கத்து வீடு இரண்டு பிரிக்கப்பட்டதாக இருக்கிறது. இன்று 32-ஐத் தாண்டிவிட்டேன். அடுத்து சீனியர், "வீடு அவரிடமே இருக்கிறது, பிரிக்கக் கூடாது என்றால் அது பறிப்பா?" என்றார். மறுபடி நின்றுவிட்டேன்.

மதுரைக் கிளை வக்கீல்
அது நிஜமாகவே கடினம். மரத்தின் விலை முழுக்க முடங்குகிறது, அதனால் பறிப்புக்குச் சமம் என்று நான் வாதிடுவேன். எதிர்த்தரப்பு வெறும் கட்டுப்பாடு என்னும்.

காரைக்குடி கண்ணன்
நானாக இருந்தால் அதை விட்டுக்கொடுத்து 14-ஐ மட்டும் பிடிப்பேன்.

கானாடுகாத்தான் மாணவி
விட்டுக்கொடுத்தால் இரண்டாவது வாதமும் போய்விடுமே? பங்காளி விஷயமும் பார்த்தேன், தாளில் 'உரிமையாளர்' என்று ஒருமையில்தான் இருக்கிறது.