சலூனில் பாட்டுப் போட லைசன் வேண்டுமா? கடிதம் வந்த கடைகளின் அனுபவங்கள்

தலவாக்கலை, சலூன் சாமான் கடை:
ஹட்டனில் ரெண்டு நாற்காலி போட்ட ஒரு சலூனுக்கு இந்த மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கடை திறந்ததும் சாம்பிராணி, அதோடு பக்திப் பாட்டு. பிறகு இரவு ஏழு வரைக்கும் போனிலிருந்து புளூடூத் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. ஒரு ஆள் வந்து ஒரு முடி வெட்டிக்கொண்டு போனாராம், அடுத்த கிழமை கடிதம். "உங்கள் கடையில் இசை ஒலிக்கிறது, வருடக் கட்டணம் கட்டுங்கள், 14 நாளுக்குள் பணம் வராவிட்டால் சட்ட நடவடிக்கை." ஒரு வங்கிக் கணக்கு இலக்கமும் இருக்கிறது. நகர சபை லைசன் எடுத்து ஒழுங்காக நடத்துகிற கடை. இது உண்மையான கடிதமா, கட்டத்தான் வேண்டுமா? விசாரித்தவர்கள் எழுதுங்கள்.

பதுளை, வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்:
முதலில் கேள்வியை ரெண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு அனுமதி வேண்டுமா என்பது ஒன்று. அந்தக் காசை வாங்க இந்தக் கடிதக்காரருக்கு உரிமை இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம் என்று வந்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்று வரலாம்.

நகர சபை லைசன் கடை நடத்தத்தான். பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாட்டைப் பற்றிப் பேசுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில் ஒரு படைப்பைப் பொது இடத்தில் ஒலிக்கச் செய்யும் உரிமை படைத்தவருக்கே உரியது. "பொது" என்றால் மேடைக் கச்சேரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தாரும் மிக நெருங்கியவர்களும் அல்லாத ஆட்கள் இருக்கிற, அல்லது வந்து இருக்கக்கூடிய எந்த இடமும் அதற்குள் வரும். கருவி மூலம் ஒலிக்கச் செய்தாலும் அதேதான். நாற்காலி ரெண்டா இருபதா என்று சட்டம் கேட்கவில்லை. காத்திருக்கிற பெஞ்சில் ஒரே ஒருவர் இருந்தாலும் சலூன் பொது இடம்தான். வெட்டுகிறவர் தன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் அது வேறு, மற்றவருக்குக் கேட்பதில்லை.

கம்பளை, எலக்ட்ரிக் கடை:
அண்ணன், இவ்வளவு பயப்படத் தேவையில்லை. ஐம்பது வருஷம் தாண்டிய பாட்டுக்கு உரிமை முடிந்துவிடும். பழைய பாட்டை மட்டும் போட்டால் யாரும் கேட்க முடியாது. அல்லது ரேடியோ போடுங்கள். ரேடியோக்காரன் ஏற்கனவே காசு கட்டித்தானே பாட்டுப் போடுகிறான்? சின்னக் கடையில் ரேடியோ போட லைசன் வேண்டாம் என்று ஒரு வீடியோவில் தெளிவாகச் சொன்னார்கள்.

பதுளை:
தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பல பேர் மாட்டுகிறார்கள்.

ஒரு பாட்டில் ரெண்டு அடுக்கு இருக்கிறது. கீழே வரியும் மெட்டும், அதாவது கவிஞரும் இசையமைப்பாளரும். மேலே பதிவு, அதாவது பாடியவரும் அதைப் பதிந்து வெளியிட்ட கம்பெனியும். நீங்கள் சொல்கிற 50 வருடம் மேல் அடுக்குக்கு உரியது. கீழ் அடுக்குக்குப் படைத்தவர் வாழ்ந்த காலமும் அவர் இறந்த பிறகு 70 வருடமும். கண்ணதாசன் 1981இல் இறந்தார். அவர் வரிக்கு இலங்கையில் 2051 முடியும் வரை உரிமை இருக்கிறது, 1962இல் வந்த பாட்டாக இருந்தாலும். பதிவு பழசாகிவிட்டது, வரி பழசாகவில்லை.

பக்திப் பாட்டும் இப்படித்தான். தேவாரத்தின் வரிக்கு இன்றைக்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் போன வருஷம் ஒருவர் புதிதாக இசையமைத்து, இன்னொருவர் பாடிப் பதிந்தது என்றால் அந்த இசையும் பதிவும் அவர்களுடையவை.

ரேடியோ விஷயம். நிலையம் வாங்கிய அனுமதி ஒலிபரப்புவதற்கு. அதை உங்கள் கடையில் வாடிக்கையாளருக்குக் கேட்க வைப்பது தனிச் செயல். நீங்கள் பார்த்த வீடியோ அமெரிக்கச் சட்டம். அங்கே 2,000 சதுர அடிக்குக் குறைந்த கடைக்கு ரேடியோ, டிவிக்கு ஒரு விலக்கு உண்டு. நம் சட்டத்தில் சொந்தப் பாவனை, கற்பித்தல், நூலகம் போன்றவற்றுக்கு விலக்கு எழுதியிருக்கிறது, சலூனுக்கு எழுதவில்லை.

நுவரெலியா, மணப்பெண் அலங்காரம்:
எனக்கும் இதே பிரச்சினை. பேஸ்புக்கில் மணப்பெண் ரீல் போட்டால் பாட்டை எடுத்துவிடுகிறார்கள், சத்தமே இல்லாமல் ஓடுகிறது. இந்த லைசன் எடுத்தால் அது சரியாகிவிடுமா?

பதுளை:
இல்லை அக்கா, அது வேறு உரிமை. வீடியோவோடு பாட்டை ஒட்டுவது பிரதி எடுப்பது. கடையில் ஒலிக்க விடுகிற அனுமதி அதைத் தொடாது. மறுபக்கமும் பாருங்கள், பேஸ்புக் ரீலுக்குத் தருகிற பாட்டை எடுத்துக் கடை ஸ்பீக்கரில் போடவும் முடியாது. உங்கள் பார்லரில் டிவியில் பாட்டுக் காட்சி ஓடினால் அங்கே படத்தின் உரிமையும் சேருகிறது. பாட்டுக்கு மட்டும் வாங்கிய அனுமதி காட்சிக்குப் போதாது.

நாவலப்பிட்டி, கணக்கு எழுதுபவர்:
ஸ்பாட்டிபைக்கு மாதம் காசு கட்டுகிறோமே என்று ஒரு கடைக்காரர் கேட்டார். அந்தச் சந்தா தனிப்பட்ட, வியாபாரமற்ற பாவனைக்கு மட்டும் என்று அவர்களுடைய நிபந்தனையிலேயே இருக்கிறது. யூடியூபும் அப்படித்தான். மாதப் பில்லைக் காட்டி லைசன் என்று சொல்ல முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம். நாம் போடுவது பெரும்பாலும் சென்னைப் பாட்டு. உரிமைக்காரர்களுக்காகப் பணம் வசூலிக்கிற கொழும்புச் சங்கம் ஒன்றுக்குக் கட்டினால் சென்னைக்காரரின் உரிமை எப்படித் தீரும்?

பதுளை:
நல்ல கேள்வி. கீழ் அடுக்கில் குழப்பம் குறைவு. ஒரு நாட்டுப் படைப்பை மற்ற நாடுகளிலும் பாதுகாக்கிற பேர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன, அதனால் இந்தியக் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அவர்கள் பக்கம் ஐ.பி.ஆர்.எஸ்., பதிவுக் கம்பெனிகள் பக்கம் பி.பி.எல். என்று தனித்தனிச் சங்கங்கள். ஆகவே இங்கே காசு கேட்பவர், அந்தச் சங்கத்தோடோ உரிமைக்காரரோடோ தனக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நீங்கள் கட்டிய காசு சிங்களப் பாட்டுக்கு மட்டும் போயிருக்கும். சென்னைப் பாட்டுக்கு நாளைக்கு வேறொருவர் வருவார்.

மேல் அடுக்கில் 19ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. வெளியிட்ட பதிவைப் பொது இடத்தில் போட்டால் போடுபவர் நியாயமான ஒரு தொகையைத் தயாரிப்பாளருக்குக் கட்ட வேண்டும், அதில் பாடியவருக்கும் பங்கு.

நாவலப்பிட்டி:
அந்தப் பிரிவு இந்தியக் கம்பெனியின் பதிவுக்கும் அப்படியே பொருந்துமா? பேர்ன் உடன்படிக்கை படைப்புக்குத்தான், பதிவுக்கு இல்லையே. எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் பொருந்தாது என்று அடித்துச் சொல்கிறார்.

பதுளை:
அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, எதிர்வாதமும் இருக்கிறது. அதனால்தான் கட்டணம் கேட்கிறவரிடம் "இது எந்த அடுக்குக்கு" என்று எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். ஒரே தொகைக்குள் ரெண்டையும் போட்டுக் கலக்கியிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இப்போது ஹட்டன் கடிதத்துக்கு வருகிறேன். கடிதத்தைக் கிழிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தில் குற்றம் என்பது வேண்டுமென்றே மீறுவது. மஜிஸ்திரேட் முன் நிரூபித்தால் 5 லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். கடிதம் வருவதற்கு முன் "தெரியாது" என்று சொல்ல இடம் இருந்தது. வந்த பிறகு பதில் போடாமல் அதே பாட்டை அதே சத்தத்தில் ஓட விட்டால் அந்த இடம் போய்விடும்.

அதனால் அன்றைக்கே பாட்டை நிறுத்திவிடுங்கள். பிறகு பதிவுத் தபாலில் ஒரு பக்கப் பதில். உரிமைப்பணம் வசூலிக்கிற சங்கம் எதுவும் இந்த நாட்டில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்துதான் லைசன் கொடுக்கலாம். அந்தப் பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். யாருடைய பாட்டுகள் அவர்கள் கையில் இருக்கின்றன, இந்தியச் சங்கத்தோடு ஒப்பந்தம் உண்டா, கட்டணத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். சங்கத்தின் பெயரைச் சொல்லி அந்த அலுவலகத்திலும் நேரடியாக விசாரியுங்கள்.

பதிலில் "இத்தனை வருஷமாகப் போட்டோம், மன்னியுங்கள்" என்று எழுதவே வேண்டாம். ஒரு பண்டாரவளைக் கடை அப்படி எழுதியது. அடுத்த கடிதத்தில் அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டார்கள். தனி ஆளின் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடுவதும் வேண்டாம். கடைக்கு வந்த ஆள் ஸ்பீக்கரைத் தூக்கப் பார்த்தால் விடாதீர்கள். கடிதம் கொண்டுவருகிறவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

எல்லாம் சரி என்று வந்து கட்டுவதானால், லைசன் கடதாசியில் கடை முகவரி, எந்தத் திகதியிலிருந்து எது வரை, ஸ்பீக்கருக்கா டிவிக்குமா என்று எழுதியிருக்க வேண்டும். இன்னொரு கிளை திறந்தால் அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

பண்டாரவளை, மூன்று நாற்காலி:
நாங்கள் சினிமாப் பாட்டை விட்டுவிட்டோம். "காப்புரிமை இல்லாத இசை" என்று யூடியூபில் இருக்கிறதே, அதைப் போட்டோம். அதிலும் விஷயம் இருக்கிறது. பல இசைக்கு அந்த விலக்கு வீடியோவில் சேர்ப்பதற்கு மட்டும்தான். சிலதில் வியாபாரத்துக்குப் பாவிக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. இப்போது கடையில் ஒலிக்க விடலாம் என்று நிபந்தனையில் தெளிவாக இருக்கிறதை மட்டும் இறக்கி, அந்தப் பக்கத்தைத் திகதியோடு பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பைலில் வைத்திருக்கிறோம்.

ஊர்ப் பையன்களின் இசைக்குழுவிடமும் கேட்டோம். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். ஆனால் அவர்கள் பதிந்ததில் பாதி சினிமாப் பாட்டைத் திருப்பிப் பாடியது.

பதுளை:
அந்தப் பாதிக்கு அவர்கள் கையெழுத்து செல்லாது. மேல் அடுக்கைத் தரலாம், கீழ் அடுக்கு அவர்களுடையது இல்லை. சொந்தமாக எழுதி இசையமைத்த பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும், ஏதாவது சங்கத்தில் சேர்ந்து உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் அனுமதி சங்கத்திடம்தான்.

மஸ்கெலியா:
எங்கள் தோட்டத்தில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் ஸ்டூல் போட்டு முடி வெட்டுகிறார். வருகிறவர்கள் எல்லாரும் அதே லயத்து ஆட்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். உள்ளே வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அவருக்கும் இது பொருந்துமா?

கம்பளை:
அதெல்லாம் வீடுதானே. ஒன்றும் இல்லை.

பதுளை:
காசு வாங்காமல் மாமன் மச்சானுக்கு வெட்டினால் வீடு என்று நானும் சொல்வேன். அடுத்த டிவிஷனிலிருந்து ஆள் வந்து காசு கொடுத்து உட்கார்ந்தால் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். ரேடியோ யாருக்காகப் பாடுகிறது என்பதும் ஒரு கேள்வி. வீட்டுக்காரர்கள் கேட்க உள்ளே வைத்ததா, வாசலில் காத்திருப்பவர்களுக்காக ஜன்னலில் திருப்பி வைத்ததா?

மஸ்கெலியா:
ஜன்னலில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே சிக்னல் இழுக்காது, அதனால் எப்போதுமே அங்கேதான்.

தலவாக்கலை:
ஹட்டன் கடைக்காரர் இன்றைக்குப் பதிவுத் தபால் போட்டுவிட்டார். ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய்விட்டது. சான்றிதழ் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.