‘விசாரணை மேற்கொண்டனர்’ என்ற நடைக்கு என்ன பெயர்?

மண்டபம், பள்ளி ஆசிரியை:
வணக்கம். மீனவர் சங்க அறிவிப்புகளை எளிமையாக எழுத ஒரு நடைக்குறிப்பு தயாரிக்கிறேன். ‘விசாரணை மேற்கொண்டனர்’, ‘தேடும் பணியில் ஈடுபட்டனர்’, ‘ஆலோசனை நடத்தினர்’ என்றெல்லாம் எழுதுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும். விசாரித்தனர், தேடினர், ஆலோசித்தனர் என்றாலே போதும். நாமோ வினையைப் பெயராக்கிவிட்டு, அதைத் தூக்கிச் சுமக்க இன்னொரு வினையைக் கூப்பிடுகிறோம். ‘புதைவினை’ என்று சொல்லலாமா?

தொண்டி, தமிழ் முதுகலை மாணவர்:
டீச்சர், இது தொழிற்பெயர்தானே? நன்னூலிலேயே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ‘தொழிற்பெயரையும் செயப்பாட்டு வினையையும் தவிர்க்கவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்:
தம்பி, பாதி சரி. புதைந்த வினை தொழிற்பெயராகத்தான் கிடக்கிறது. ஆனால் தொழிற்பெயர் மேல் குற்றமில்லை. ‘புயல் நேரத்தில் கடலுக்குப் போவது ஆபத்து’ என்பதில் ‘போவது’ தொழிற்பெயர்தான், அதை எடுத்தால் வாக்கியமே விழுந்துவிடும். செயப்பாட்டு வினையும் வேறு சங்கதி. ‘படகு மீட்கப்பட்டது’ செயப்பாட்டு, ஆனாலும் ‘மீட்’ என்ற வினை அதில் உயிரோடு இருக்கிறது. ‘படகை மீட்கும் பணியை மேற்கொண்டனர்’ செய்வினை, ஆனால் வினை புதைந்துவிட்டது.

நாளிதழ் மேசைக்கு வாரந்தோறும் இப்படி ஒரு வரி வரும்: ‘காணாமல் போன மீனவரைத் தேடும் பணியில் சக மீனவர்கள் ஈடுபட்டு வருகின்றனர்.’ ஒன்பது சொல். ‘காணாமல் போன மீனவரைச் சக மீனவர்கள் தேடுகின்றனர்’, ஆறு சொல். அடைமொழியோடு வந்தால் அதையும் கவனிக்க வேண்டும். ‘தீவிர விசாரணை மேற்கொண்டனர்’ என்பதை அவிழ்த்தால் ‘தீவிரமாக விசாரித்தனர்’ என்று ‘ஆக’ சேரும். ‘படகு மீதான சோதனை’ என்பது ‘படகைச் சோதித்தனர்’ என்று ஆகும். வேற்றுமை உருபை மாற்ற மறந்தால் வாக்கியம் நொண்டும்.

புதைந்த வினையும் செயப்பாட்டும் சேர்ந்து வந்தால்தான் மோசம். ‘தடைக்காலத்தில் படகுகளில் ஆய்வு மேற்கொள்ளப்படும்.’ யார் செய்வார்கள்? வினையைத் தோண்டி எடுத்ததும் எழுவாய் கேட்கும்: ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்வளத் துறை அலுவலர்கள் படகுகளைப் பரிசோதிப்பார்கள்.’ இந்த வாக்கியம் நீளம்தான். ஆனால் படிப்பவர் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்று தெரிந்துகொள்கிறார்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்:
ஆங்கிலச் சொல்லை எடுக்கச் சொல்கிறீர்களா? எங்களுக்கு போட், டோக்கன், டீசல் எல்லாம் பழகிப்போச்சு, அதை மாற்ற வேண்டாம். ஒன்று சொல்கிறேன். ‘வலை சேதத்துக்கு நிவாரணம் கொடுங்கள்’ என்று மனு எழுதினேன். எழுதிக்கொடுப்பவர் ‘நிவாரணம் வழங்க உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு வேண்டுகோள் விடுக்கிறேன்’ என்று மாற்றிவிட்டார். அப்படி எழுதினால்தான் மதிப்பார்களாம்.

மண்டபம், ஆசிரியை:
அண்ணே, டோக்கனை யாரும் தொடவில்லை. உங்கள் மனுதான் நான் சொல்வதற்கு நல்ல உதாரணம். ‘கொடுங்கள்’ என்பது அதில் நடவடிக்கையாகவும் வேண்டுகோளாகவும் மாறி, கடைசியில் எதைக் கேட்கிறீர்கள் என்பதே பின்னால் போய்விட்டது. மரியாதை வேண்டுமென்றால் ‘நிவாரணம் வழங்க வேண்டுகிறேன்’ போதும்.

கீழக்கரை, மொழிபெயர்ப்பாளர்:
எல்லாவற்றையும் தோண்டக் கிளம்பினால் வம்பு. ‘அதிகாரிகள் சந்தையில் மீன்களை ஆய்வு செய்தனர்’ என்பதை ‘மீன்களை ஆய்ந்தனர்’ என்று எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மீன் ஆய்வது செதிலும் குடலும் எடுக்கிற வேலை! அதிகாரிகள் அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிடுவார்கள். அதே மாதிரி ‘தடை விதித்தனர்’ வேறு, ‘தடுத்தனர்’ வேறு. முன்னது உத்தரவு, பின்னது கையை நீட்டி நிறுத்துவது. ‘கைது செய்’ என்பதற்கு உள்ளே வினையே கிடையாது. புதைக்காததை எப்படித் தோண்டுவது?

ராமநாதபுரம், துணை ஆசிரியர்:
கீழக்கரை காக்கா சொல்வது சரி. அதனால்தான் நான் ‘விடுதலை செய்தனர்’ என்பதைத் தயங்காமல் ‘விடுவித்தனர்’ ஆக்குவேன், ‘கைது செய்தனர்’ என்பதில் கை வைக்க மாட்டேன். சோதனை எளிது: பெயருக்குள் இருக்கும் வினையை எடுத்து அதே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் மாறாமல், பேச்சிலும் ஒருவர் அப்படிச் சொல்வார் என்றால் அது புதைவினை. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தொண்டி, மாணவர்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ‘புதைவினை’ எதைக் குறிக்கிறது? ‘விசாரணை’க்குள் கிடக்கும் ‘விசாரி’யையா, ‘விசாரணை மேற்கொள்’ என்ற முழுத் தொடரையா? மொழியியலில் ‘பெயராக்கம்’ என்ற சொல் இருக்கிறதே.

மண்டபம், ஆசிரியை:
‘பெயராக்கம்’ எல்லாத் தொழிற்பெயருக்கும் பொருந்தும், குற்றமில்லாததற்கும் கூட. உள்ளே கிடப்பதைப் ‘புதைவினை’ என்றே வைத்துக்கொள்கிறேன். ‘மேற்கொள்’, ‘நடத்து’, ‘ஈடுபடு’ என்று வெளியே நின்று சுமக்கிறவற்றுக்கு ‘சுமைவினை’ சரியா?

கீழக்கரை, மொழிபெயர்ப்பாளர்:
சுமப்பது அது, சுமை மற்றது. ‘சுமைவினை’ என்றால் குழம்பும். ‘ஏந்துவினை’ என்று போடுங்கள்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்:
பெயர் எதுவானாலும் சரி. அடுத்த மனுவை டீச்சரே எழுதித் தருவீர்களா?