புதுப்பிப்பு: எழுதி வாங்கும் கட்டுரைகள், எது பலித்தது

என் கேள்வி: “மாணவர்கள் கட்டுரைகளைச் செயலியிலோ காசுக்கோ எழுதி வாங்கித் தருகிறார்கள். நாம் கொடுக்கும் பணியை எப்படி மாற்றலாம்?”

அனைவருக்கும் நன்றி. பலித்தது இயற்பியல் ஆசிரியரின் யோசனைதான். வகுப்பில் அவரவர் அளந்த ஊசல் அலைவுநேரங்களை வைத்தே அறிக்கை. அறிக்கையின் திட்டம் வகுப்பிலேயே எழுதப்படும். முடிவில் ஐந்து நிமிட வாய்மொழிக் கேள்வி. மதிப்பெண்ணில் பாதி திட்டத்துக்கும் பதில்களுக்கும். “இந்த அளவை ஏன் விலக்கினாய்?” என்று கேட்டால், வாங்கியவரிடம் பதில் இல்லை.

“கையால் எழுதச் சொல்லுங்கள்” என்றது பாதி சரி. வீட்டில் என்றால் பார்த்து எழுதிவிடுகிறார்கள். செயலி எழுதியதைக் கண்டறியும் மென்பொருள் பற்றி ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார்; நான் கேட்டது அதுவல்ல.

எதிர்பாராதது: சொந்தமாக எழுதிய கூச்ச சுபாவிகளும் வாய்மொழியில் தடுமாறினார்கள். அப்புறம் குறிப்பேட்டைப் பார்த்துப் பதில் சொல்லலாம் என்றேன், அது சரியாகிவிட்டது. அறுபது பேர் வகுப்புக்கு நேரம் எப்படி என்பது இன்னும் தீரவில்லை.