கடன் 3 லட்சம், கைக்கு வந்தது 2,88,200: மீதிக் கணக்கு இடிக்கிறது

மதுரை வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நிதி நிறுவனத்தில் 3,00,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன், தவணை 36 மாதம். முக்கிய விவரத் தாளில் (கேஎஃப்எஸ்) செயலாக்கக் கட்டணம் 2.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி என்று மட்டும்தான் இருக்கிறது.

என் கணக்குப்படி கட்டணம் 7,500. ஜிஎஸ்டி 18 சதவீதம் கடன் தொகைக்கு இல்லை, இந்தக் கட்டணத்துக்கு மட்டும்தான், அது 1,350. ஆக 8,850 போக 2,91,150 வர வேண்டும். 2,950 குறைகிறது. வட்டியோ முழு 3 லட்சத்துக்கும் ஓடுகிறது.

காப்பீடாக இருக்குமோ என்று பார்த்தேன், பாலிசி எதுவும் வரவில்லை. முதல் தவணையையும் முன்கூட்டிப் பிடிக்கவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது: 2,500-உம் அதற்கு 18 சதவீதம் 450-உம் சேர்த்தால் சரியாக 2,950. கிளையில் கேட்டால் "ஆவணக் கட்டணம் சார், எல்லாருக்கும் உள்ளதுதான்" என்கிறார்கள். ரசீது கேட்டால் தலைமை அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். அங்கே மின்னஞ்சல் அனுப்பினேன், புகார் எண் மட்டும் வந்தது.

கேஎஃப்எஸ்ஸில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் ஒப்பந்தத்துக்குக் கைபேசியில் ஓடிபி கொடுத்தேன். அதன் உள்பக்கத்தில் "இதர கட்டணங்கள்" என்று தொகை போடாமல் ஒரு வரி இருக்கிறது.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகப் போகிறேன். அங்கே அந்த ஓடிபியை வெளிப்படையான ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்களா?