பின்பக்கத்தைப் பார்த்து ஐபோன் மாடலைக் கண்டுபிடித்த அனுபவங்கள்

முத்தியால்பேட்டை உறுப்பினர்:
புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒருவர் "13 ப்ரோ" என்று சொல்லி ஒரு ஐபோனைக் காட்டினார். சார்ஜ் இறங்கி அணைந்திருந்ததால் திரையில் எதையும் பார்க்க முடியவில்லை. மூன்று லென்ஸ்கள், தட்டையான ஓரங்கள், மங்கலான பின்கண்ணாடி என எல்லாம் பொருந்தியிருந்தும், விலை மிகவும் குறைவாக இருந்ததால் வாங்காமல் திரும்பிவிட்டேன். அணைந்த போனை வெளித்தோற்றத்தை வைத்தே அடையாளம் கண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

லாஸ்பேட்டை உறுப்பினர்:
லென்ஸ் அமைப்பைப் பார்த்தாலே போதும் என்பது என் அனுபவம். இரண்டு லென்ஸ்கள் மேலும் கீழுமாக நேராக இருந்தால் 12, மூலைவாட்டில் இருந்தால் 13. என் தங்கைக்குப் பழைய போன் வாங்கும்போது இதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

மஞ்சக்குப்பத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்:
தம்பி சொல்வது பாதி சரி. மூலைவாட்டு அமைப்பு 14-இலும் 15-இலும் உண்டு. நேரான அமைப்பு 11-இலும் உண்டு, ஆனால் அதன் ஓரம் உருண்டிருக்கும். 13-க்கும் 14-க்கும் நீள அகலம் ஒன்றே என்றாலும், 14-இன் கேமரா மேடு சற்றுப் பெரியது. 13-க்கான கவர் அதில் சரியாக உட்காராது. பின்கண்ணாடியையும் கவனியுங்கள். 11 முதல் 14 வரையிலான சாதாரண மாடல்களில் பின்பக்கம் பளபளப்பாகவும் கேமரா மேடு மங்கலாகவும் இருக்கும். ப்ரோ மாடல்களில் இது தலைகீழ்.

சந்தையில் பார்த்த போனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அதே போன்ற ஒன்று என் கடைக்கும் வந்தது. மங்கலான முதுகு, பளபளக்கும் மேடு, அந்த மேட்டின் வலது கீழ்மூலையில் கரும்புள்ளி என்று பின்பக்கம் முழுவதும் 13 ப்ரோவாகவே இருந்தது. திருப்பி ஓரத்தைப் பார்த்தபோது, சிம் ட்ரே வலப்பக்கத்தில், பவர் பட்டனுக்குக் கீழே இருந்தது. 12 முதல் அது இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. XR, 11 போன்ற முந்தைய மாடல்களில்தான் வலப்பக்கம். வெளிக்கூடான ஹவுசிங்கை எப்படி மாற்றினாலும், சிம் செருகும் இடத்தை உள்ளே இருக்கும் பாகங்களின் அமைப்புதான் தீர்மானிக்கிறது என்பதால் ட்ரேயை மறுபக்கம் கொண்டுபோக முடியாது. பிறகு முன்பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். 13 ப்ரோவில் காது ஸ்பீக்கரின் கோடு திரையின் மேல்விளிம்பை ஒட்டியிருக்கும். இதில் அது அகலமான நாட்சின் நடுவே இறங்கியிருந்தது. சார்ஜ் ஏற்றிக் கேமராவைத் திறந்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மறைத்தபோது, ஒரே ஒரு லென்ஸை மூடினால் மட்டுமே படம் இருண்டது. மற்றவை வெறும் கண்ணாடி. Settings > General > About பக்கத்தில் Model Number என்ற வரியைத் தட்டியதும் A2105 என்று வந்தது. அது 2018-இல் வெளிவந்த XR.

நெல்லித்தோப்பு உறுப்பினர்:
என்னிடம் ரெட்மி நோட் 9 ப்ரோ இருக்கிறது. நோட் 9 ப்ரோ மேக்ஸும் அதே சதுரக் கேமரா மேட்டோடும் பக்கவாட்டுக் கைரேகைப் பட்டனோடும் வருவதால், எதற்கான கவர் என்று கடைக்காரருக்கே குழப்பம். எது பொருந்தும் என்று யாராவது சொல்ல முடியுமா?

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
இரண்டுக்கும் வெளிவடிவம் ஒன்றே என்பதால் கவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முக்கியமாக வேறுபடுவது உள்ளிருக்கும் முதன்மைக் கேமரா. மேக்ஸில் 64 மெகாபிக்சல், மற்றதில் 48. கேமரா பழுதாகிப் பாகம் மாற்றும்போதுதான் இந்த வேறுபாடு உங்களைப் பாதிக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் உறுப்பினர்:
சிம் ட்ரேயை அடையாளமாகக் கொள்வதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து என் அத்தை மகன் கொண்டுவந்த ஐபோன் 14-இல் ட்ரேயே கிடையாது. அந்நாட்டு மாடல் இ-சிம் மட்டும் கொண்டது. ட்ரே இல்லாததைப் பார்த்து, அதைப் போலி என்று இங்கே ஒருவர் வாதிட்டார். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ட்ரேயைக் கழற்றினால் அந்தத் துளைக்குள் மாடல் எண் பொறித்திருக்கும் என்கிறார்களே, அதைப் பார்த்தால் போதாதா?

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
அந்த எண் பொறிக்கப்பட்டிருப்பது ஃபிரேமில், ஹவுசிங் மாற்றும்போது மாற்றப்படுவதும் அதுவேதான். எண் இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். இருப்பதாலேயே நம்பிவிட முடியாது, வேண்டிய எண்ணைப் பொறித்துக்கொள்ளலாம். 15 முதல் அந்த எண் யூஎஸ்பி-சி துளைக்குள், கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கிறது. நிறத்துக்கும் இதே கதைதான்: ஊதா நிறம் 13-இல் கிடையாது, 14-இல் உண்டு, ஆனால் பின்கண்ணாடியை மாற்றியிருந்தால் அந்த அடையாளம் பயன்படாது.

முத்தியால்பேட்டை உறுப்பினர்:
நான் பார்த்த போனில் ட்ரே எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவில்லை. இடப்பக்கத்தில் ஒரு ட்ரே போன்ற கோடு இருந்ததாகத் தோன்றுகிறது. ஹவுசிங் செய்கிறவர்கள் அங்கே பொய்யாக ஒரு பள்ளம் வைப்பதுண்டா?

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
என் கைக்கு அப்படி ஒன்று வரவில்லை, வராது என்றும் சொல்ல மாட்டேன். ஊசியைச் செருகி ட்ரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் வலப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். அதற்குக்கூட விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்தப் போனை வாங்க வேண்டாம்.