பிரஷர் மாத்திரைக்கு ஒரு தாள் எழுதணும், எழுதினத படிச்சுட்டு ஆயா மாத்திரையே வேணாங்குறாங்க

செல்வி_தட்டோன்:
அவசரம், நாளைக்கு காலைல போட்டோகாப்பி எடுக்கணும். இங்க கோயில் பக்கத்துல ஞாயித்துக்கிழமை ஒரு டாக்டர் இலவசமா பாக்குறாரு, புதுசா பிரஷர் மாத்திரை ஆரம்பிக்கிற வயசானவங்களுக்கு தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுன்னாரு. நான் எழுதினது இவ்வளவுதான்: "இம்மாத்திரையால் வறட்டு இருமல், தலைசுற்றல் ஏற்படலாம். சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம்." மொத ஆளா ஒரு ஆயாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். கிட்னி போற மாத்திரை எனக்கெதுக்குடின்னு தாளோட சேத்து மாத்திரையையும் கைல திணிச்சுட்டுப் போயிட்டாங்க. எப்படி மாத்தி எழுதுறது, யாராச்சும் சொல்லுங்க.

ரங்கூன்_மாஸ்டர்:
எந்த மாத்திரைன்னே சொல்லல. பிரஷருக்கு எத்தனையோ விதம் இருக்கு. பேரு என்ன, எத்தனை மில்லிகிராம், கூட வேற என்ன சாப்புடுறாங்க, இதெல்லாம் போட்டுட்டுதான் கேள்வி கேக்கணும் தங்கச்சி, இங்க வர்றவங்களுக்கு இத எத்தனை தடவதான் சொல்றது.

பாகோ_முருகேசு:
எனக்கும் பிரஷர் மாத்திரைதான், சாயங்காலம் ஆனா ரெண்டு கணுக்காலும் வீங்கிப் போகுது, செருப்பு போட முடியல. அத தாள்ல எழுத மறந்துடாதீங்க.

மோல்மேன்_சிஸ்டர்:
முருகேசு அண்ணே நீங்க சாப்புடுறது அம்லோடிபினா இருக்கும், கால் வீக்கம் அதோட வேலை. செல்வி சொல்ற இருமல் வேற வகை மாத்திரைல வர்றது. ஏம்மா, பேரு "பிரில்"னு முடியுதா பாரு, எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் மாதிரி?

செல்வி_தட்டோன்:
ஆமாக்கா எனலாபிரில் 5. தினம் ஒண்ணு.

தன்லின்_குமார்:
அதுல இருமல் கண்டிப்பா வரும், எங்க அம்மாவுக்கு வந்துச்சு. இருமல் வந்தா நிறுத்திட்டு லோசார்ட்டன் வாங்கிக்கன்னு ஒரே வரி எழுதுங்க, எல்லா மருந்துக்கடையிலயும் கிடைக்குது. எதுக்கு ஒரு பக்கம்.

மோல்மேன்_சிஸ்டர்:
குமார் தம்பி பாதி சரி. இது மாத்திரையால வர்ற இருமல்தான்னா லோசார்ட்டனுக்கு மாத்துறதுதான் வழி, டாக்டரும் அதத்தான் செய்வாரு. ஆனா எல்லாருக்கும் வராது, பத்துப் பேருல ஒருத்தருக்கு வரும்னு வச்சுக்கலாம், பொம்பளைங்களுக்கு கொஞ்சம் கூடுதல். தொண்டைல ஏதோ அரிக்கிற மாதிரி வறண்ட இருமல், சளி வராது, இருமல் சிரப்பு குடிச்சாலும் அடங்காது. சாப்பிட ஆரம்பிச்ச அன்னிக்கே வரலாம், சில மாசம் கழிச்சும் வரலாம், அதனால மாத்திரைதான் காரணம்னு யாருக்கும் தோணாது, ஆன்டிபயாட்டிக்கா வாங்கி முழுங்குவாங்க. நிறுத்தினாலும் மறுநாளே போயிடாது, ஒரு வாரத்துலேர்ந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல டிபி ஜாஸ்தி. சளியோட இருமல், சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வேர்வை, உடம்பு இளைக்கிறது, இதுல ஏதாவது இருந்தா மாத்திரை மேல பழிய போட்டுட்டு உக்காரக்கூடாது, சளி டெஸ்ட் எடுக்கணும். கடைல போய் தானா மாத்திரை மாத்திக்கிட்டவங்க இந்த எடத்துலதான் மாட்டுறாங்க, ரெண்டு மாசம் வீணாப் போயிடும். இந்த வரி தாள்ல கட்டாயம் வேணும்.

அது இருக்கட்டும், அந்த ஆயா வேற என்ன சாப்புடுறாங்க?

செல்வி_தட்டோன்:
சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். அப்புறம் கால் வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு 40 காலைல, அது ரொம்ப நாளா சாப்புடுறதுதான், அதனால சொல்லல.

மோல்மேன்_சிஸ்டர்:
அடியே அதத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். நீர் மாத்திரை சாப்புட்டு உடம்புல தண்ணி வத்திக் கெடக்குறவங்களுக்கு மொத டோஸ்லயே பிரஷர் சடார்னு எறங்கும். ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சு, கண்ணு இருட்டி, இடுப்பொடிஞ்சு வந்த கேஸ் வார்டுல நான் பாத்திருக்கேன். இப்படிப்பட்டவங்களுக்கு 5ல ஆரம்பிக்கிறதில்ல, 2.5, அதாவது பாதி மாத்திரை. அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நீர் மாத்திரைய நிறுத்தவோ குறைக்கவோ முடியுமான்னும் பாப்பாங்க. ஆனா இருதயம் பலவீனமா இருந்து அதுக்காக நீர் மாத்திரை சாப்புடுறவங்கன்னா சும்மா நிறுத்திட முடியாது, மூச்சு முட்டும். அத நீயும் நானும் முடிவு பண்ண வேணாம், இன்னிக்கே டாக்டருக்கு போன் போடு.

ரங்கூன்_மாஸ்டர்:
மாத்திரைய ராத்திரிதான் சாப்பிடணும்னு எழுதுங்க. ஸ்பெயின்ல ஆராய்ச்சி பண்ணி ராத்திரி சாப்பிட்டா மாரடைப்பு குறையுதுன்னு போட்டாங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியும்.

தன்லின்_குமார்:
மாஸ்டர் அது பழசு. 2022ல பிரிட்டன்ல 21 ஆயிரம் பேருக்கு மேல வச்சு டைம்னு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, காலைல சாப்பிட்டாலும் ராத்திரி சாப்பிட்டாலும் ஒண்ணுதான்னு வந்துச்சு.

ரங்கூன்_மாஸ்டர்:
அதுல எல்லாரும் வீட்லேர்ந்தே ஃபார்ம் நிரப்பினவங்க. ஒரு தலைப்பப் படிச்சுட்டு வந்து நிக்காதீங்க தம்பி. ஸ்பெயின்ல மெஷினை 48 மணி நேரம் உடம்புல கட்டிவிட்டுப் பாத்தாங்க.

தன்லின்_குமார்:
அந்த ஸ்பெயின் கணக்கையே நம்ப முடியலன்னுதான் நெறைய டாக்டருங்க எழுதியிருக்காங்க, நீங்க எதப் படிச்சீங்க?

மோல்மேன்_சிஸ்டர்:
ரெண்டு பேரும் தனியா ஒரு இழை போட்டு சண்டை போடுங்கப்பா, இந்தப் பொண்ணுக்கு நாளைக்கு காலைல பிரிண்ட். மொத டோஸ் மட்டும் ராத்திரி படுக்கப் போறப்ப, தலை சுத்துனாலும் படுத்திருப்பாங்க. அதுக்கப்புறம் மறக்காம சாப்பிட எந்த நேரம் வசதியோ அந்த நேரம்.

செல்வி, நீ எழுதினதுல பொய் எதுவும் இல்ல, வரலாம் வரலாம்னு வரிசையா அடுக்கிட்டு, வந்தா என்ன செய்யணும்னு ஒரு வரி கூட எழுதல, அதான் ஆயா பயந்துட்டாங்க. கிட்னி சங்கதியும் தலைகீழா இருக்கு. சர்க்கரை இருந்து சிறுநீர்ல புரதம் போறவங்களுக்கு கிட்னியக் காப்பாத்தவே இத கொடுக்குறாங்க. நான் எழுதினா இப்படி எழுதுவேன், வாசிச்சுப் பாரு:

"இந்த மாத்திரையின் பெயர் எனலாபிரில். பிரஷரைக் குறைக்கும், இருதயத்துக்கும் கிட்னிக்கும் பாரத்தைக் குறைக்கும். பிரஷர் நார்மலுக்கு வந்த பிறகும் தினமும் சாப்பிட வேண்டும்.

முதல் சில நாள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழ வேண்டாம். ஓரத்தில் கால் தொங்கப் போட்டு ஒன்றிரண்டு நிமிஷம் உட்கார்ந்து, எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். சுற்றினால் உடனே உட்காருங்கள். விழுந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஆபத்தில்லை, ஆனால் சிரப்புக்கு அடங்காது. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், வந்து சொல்லுங்கள், வேறு மாத்திரை தருவோம். சளி, காய்ச்சல், உடம்பு இளைப்பு இருந்தால் அது வேறு இருமல், சளி டெஸ்ட் எடுக்க வேண்டும்.

ரத்த டெஸ்ட் மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவை, அளவைக் கூட்டும்போதெல்லாம் ஒரு தடவை. கிட்னி வேலையையும் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்க்கிறோம். கிட்னி நம்பர் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே.

வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து தண்ணீர் கூட தங்கவில்லை என்றால் அன்றைக்கு இந்த மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே எங்களைக் கேளுங்கள். நீர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையையும் என்ன செய்வது என்று அப்போதே கேளுங்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் பொட்டலமாகக் கட்டித் தரும் மாத்திரை வேண்டாம். பிரஷருக்கு நல்லது என்று சொல்லி விற்கும் மாற்று உப்பும் வேண்டாம்.

உதடு, நாக்கு, முகம் வீங்கினால், மூச்சு விடக் கஷ்டமானால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது."

தன்லின்_குமார்:
கடைசி பத்தி வேணாம் சிஸ்டர், அத படிச்சா ஒருத்தரும் சாப்புட மாட்டாங்க. ரொம்ப அபூர்வமா வர்றதுதானே.

மோல்மேன்_சிஸ்டர்:
அபூர்வம்தான், ஆனா வந்தா தொண்டை அடைச்சுடும். மாசக்கணக்கா ஒண்ணும் இல்லாம சாப்புட்டவங்களுக்கும் திடீர்னு வரும், அப்ப மீன் ஒத்துக்கலன்னு நெனச்சு வீட்லயே உக்காந்திருப்பாங்க. அத எடுக்க நான் ஒத்துக்க மாட்டேன்.

தன்லின்_குமார்:
அப்ப வாயால சொல்லுங்க, தாள்ல வேணாம்னுதான் இப்பவும் சொல்றேன்.

ரங்கூன்_மாஸ்டர்:
கர்ப்பிணிகளுக்குக் கூடாதுன்னு யாருமே சொல்லல. நான் சொன்னாதான் உண்டு.

மோல்மேன்_சிஸ்டர்:
வயசானவங்க தாளுன்னு விட்டுட்டேன். சேத்துக்கோ செல்வி, சின்ன வயசுப் பொண்ணுங்க கைக்கும் இந்தத் தாள் போகும்.

செல்வி_தட்டோன்:
பிரிண்ட் போட்டாச்சு, கடைசி பத்தியோடதான். டாக்டர் ஆயாவுக்கு பாதி மாத்திரை ஆக்கிட்டாரு, நீர் மாத்திரை ரெண்டு நாள் வேணாம்னாரு. நன்றிக்கா.

செல்வி_தட்டோன்:
அக்கா மறுபடி நான்தான், ரெண்டு வாரம் ஆச்சு, ஆயா டெஸ்ட் வந்துருக்கு. கிரியாட்டினின் முன்ன 1.0, இப்ப 1.2, லேப்ல பக்கத்துலயே மேல் நோக்கி அம்புக்குறி போட்டுட்டாங்க. பொட்டாசியம் 5.1. அம்பப் பாத்ததும் ஆயா மகன் மாத்திரைய நிறுத்திட்டாரு.

தன்லின்_குமார்:
பாத்தீங்களா, கிட்னி அடி வாங்கிடுச்சு.

மோல்மேன்_சிஸ்டர்:
ஒண்ணும் அடி வாங்கல. கிட்னியோட சல்லடைக்குள்ள இருக்குற அழுத்தத்த இந்த மாத்திரை எறக்குது, அதனால கொஞ்ச நாளைக்கு கிரியாட்டினின் ஏறும். குழாயக் கொஞ்சம் மூடி வச்சா பக்கெட் நெறைய நேரம் ஆகும், அதுக்காக குழாய் கெட்டுப்போச்சுன்னு சொல்வமா? பழைய நம்பரோட நூத்துக்கு முப்பது வரைக்கும் ஏறினா பொறுத்துக்கலாம். ஆயாவுக்கு அது 1.3 வரைக்கும், இப்ப இருக்கிறது 1.2, இருபது சதவீதம். அத தாண்டினாதான் வேற காரணம் தேடணும். பொட்டாசியம் 5.1 கொஞ்சம் மேல் பக்கமா இருக்கு, 5.5 தாண்டினா டாக்டர் அளவ குறைப்பாரு, 6 ஆச்சுன்னா நிறுத்தி அன்னிக்கே பாப்பாரு. நிறுத்தின மாத்திரைய திரும்ப ஆரம்பிக்கிறத டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யச் சொல்லு.

நிக்க வச்சு பிரஷர் பாத்தீங்களா? முட்டி வலிக்கு என்ன சாப்புடுறாங்கன்னும் கேளு.

செல்வி_தட்டோன்:
உக்காந்து 132/80, நின்னு ஒரு நிமிஷத்துல 108/70. தலை சுத்துதுன்னு சொல்லல, ஆனா செவுத்தப் புடிச்சுதான் நடக்குறாங்க. முட்டிக்கு கடைல டிக்ளோஃபினாக் வாங்கி தினம் சாப்புட்டிருக்காங்க, தாள்ல பொட்டல மாத்திரைன்னுதான் போட்டிருக்கு, இது அட்டைல வர்றதுங்குறாங்க.

மோல்மேன்_சிஸ்டர்:
நான் எழுதினது அப்படி. அட்டைல வந்தாலும் கூடாதுன்னு மாத்து, டிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென்னு பேரயே போட்டுடு. எனலாபிரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூணும் சேந்தாதான் கிட்னிக்கு நெசமாவே ஆபத்து. வலிக்கு பாரசிட்டமால் போதுமான்னு பாக்கச் சொல்லு. நின்னதும் இருபதுக்கு மேல எறங்கறது சரியில்ல, ஆயாவுக்கு இருபத்தி நாலு எறங்குது. நீர் மாத்திரை இன்னும் வேணுமான்னு டாக்டர்கிட்ட மறுபடி கேளு. வலி மாத்திரைய விட்டு ஒரு வாரம் கழிச்சு கிரியாட்டினினும் பொட்டாசியமும் திரும்ப எடுத்தா தெரிஞ்சுடும்.

பாகோ_முருகேசு:
எனலாபிரிலுக்கு மாத்திக்கிட்டா கால் வீக்கம் போயிடுமா சிஸ்டர்?

மோல்மேன்_சிஸ்டர்:
போகலாம் அண்ணே, அப்புறம் இருமல் வந்துடுச்சுன்னு இங்கயே வந்து எழுதுவீங்க. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. செல்வி, அடுத்த ரிசல்ட் வந்ததா?